72 சென்ரிமீற்றர்: ஒரு ரீசேட்டின் நீளத்தைத் தொடர்ந்து சென்று ஆடைத் தொழிலைக் கற்பதற்கான வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஆடைத் தொழிலைப் பற்றி என்னிடம் கேட்கும் பிள்ளைகளில் பலர், "தையல் மெஷினில் இருக்க விருப்பமில்லை, நேரே மேர்ச்சன்டைசிங்குக்குப் போக வழி உண்டா?" என்றுதான் தொடங்குகிறார்கள். வழி உண்டு. ஆனால் தைத்த ஆடையை மேசையில் விரித்து அளந்து பழகாதவர் அந்த வேலையில் நெடுநாள் தடுமாறுவார் என்பதை நான் கண்டிருக்கிறேன். துணி வெட்டுவதற்கான வரைவாகிய பற்றனை வரைபவர், தர பரிசோதகர், கொள்வனவாளருடன் தொழிற்சாலையின் சார்பில் பேசும் மேர்ச்சன்டைசர், ஏற்றுமதி ஆவணங்களைத் தயாரிப்பவர் ஆகிய நால்வரும் வெவ்வேறு அறைகளில் இருந்தாலும், அவர்கள் கையாள்வது ஒரே அளவு அட்டவணையைத்தான். ஆகவே ஒரே ஓர் எண் இந்த நான்கு மேசைகளையும் எப்படிக் கடக்கிறது என்பதை இந்த வழிகாட்டியில் காட்டுகிறேன்.

நான் தர பரிசோதகராக இருந்த காலத்தில் வந்த ஓர் ஓடரை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டிய 2400 ஆண்கள் ரீசேட்டுகள். பருத்திப் பின்னல் துணி, ஒரு சதுர மீற்றருக்கு 180 கிராம். தைத்து முடிந்த பிறகு தொழிற்சாலையிலேயே சலவை செய்து, அதன் பின் மடித்துப் பொதியிட வேண்டும். பெரிய அளவான எல் அளவின் உடல் நீளம் 72 சென்ரிமீற்றர், அனுமதிக்கப்பட்ட வேறுபாடு கூடவோ குறையவோ 1 சென்ரிமீற்றர். அதாவது சலவைக்குப் பின் 71 முதல் 73 வரை இருந்தால் ஆடை தேறும்.

படி 1: நாடாவைப் பிடிக்கக் கற்றல்

அட்டவணையில் "உடல் நீளம் 72" என்று எழுதியிருந்தால் முதலில் கேட்க வேண்டியது, எங்கிருந்து எதுவரை என்பதுதான். தோள் தையல் கழுத்துப் பட்டியைச் சந்திக்கும் உச்சிப் புள்ளியிலிருந்து கீழ் மடிப்பின் ஓரம் வரை அளக்கச் சொல்பவர்களும் உண்டு. பின் கழுத்தின் நடுவிலிருந்து அளக்கச் சொல்பவர்களும் உண்டு. ஒரே ஆடையில் இந்த இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் வேறுபாடு வரலாம். அனுமதி 1 சென்ரிமீற்றராக இருக்கும்போது, அளக்கும் புள்ளியைப் பிழையாக எடுத்தவர் நல்ல ஆடையைத் தள்ளிவிடுவார் அல்லது குறையுள்ள ஆடையை ஏற்றுவிடுவார். எங்கள் ஓடரில் தோளின் உச்சிப் புள்ளியே குறிக்கப்பட்டிருந்தது. மார்பளவை அக்குளுக்கு 2.5 சென்ரிமீற்றர் கீழே, ஓரத்தையல் முதல் ஓரத்தையல் வரை அளக்கும்படி எழுதப்பட்டிருந்தது.

பின்னல் துணி இழுபடும் இயல்புடையது. ஆடையை மேசையில் பரப்பி, சுருக்கத்தை உள்ளங்கையால் மெதுவாக நீவிவிட்டு, கையை எடுத்த பின்னரே நாடாவை வைக்க வேண்டும். இழுத்துப் பிடித்தபடி அளந்தால் ஒரு சென்ரிமீற்றர் எளிதாகக் கூடிவிடும். நாடாவையும் நம்பிவிடக் கூடாது. பல மாதங்கள் பாவித்த நாடா நீண்டிருக்கும் என்பதால், கிழமைக்கு ஒரு முறையாவது அதை இரும்பு அடிக்கோலுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தப் பயிற்சியை வீட்டிலேயே தொடங்கலாம். ஒரே அளவு என்று விற்கப்பட்ட மூன்று ரீசேட்டுகளை எடுத்து, நீளம், மார்பு, தோள், கை நீளம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். மறுநாள் அந்தத் தாளைப் பார்க்காமல் மீண்டும் அளந்து எழுதுங்கள். இரு நாட்களின் எண்களும் அரைச் சென்ரிமீற்றருக்குள் ஒத்து வரும்வரை தொடர வேண்டும். தர பரிசோதகர் வேலைக்கான நேர்முகத் தேர்வில் ஓர் ஆடையையும் நாடாவையும் கையில் தந்துவிடும் இடங்கள் உண்டு. அப்போது சான்றிதழைவிட இந்தப் பழக்கமே உதவும்.

வேலை தேடும் இடத்தைப் பொறுத்தவரை, வடக்கின் பெரிய ஏற்றுமதித் தொழிற்சாலைகளுக்குக் கிளிநொச்சியையும் வவுனியாவையும் நோக்கிப் பார்க்க வேண்டும். கிளிநொச்சியில் எம்.ஏ.எஸ். குழுமத்தின் தொழிற்சாலைகளும் வவுனியாவில் ஒமேகா லைன் தொழிற்சாலையும் உள்ளன. பயிற்சிக்கு யாழ்ப்பாணம் தொழில்நுட்பக் கல்லூரியிலும் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களிலும் அந்த ஆண்டுக்குரிய ஆடைத் துறைப் பாடநெறிகளை நேரில் சென்று கேட்டறியுங்கள். சேரும் முன், அந்தப் பாடநெறி எந்த மட்டத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழுக்கு உரியது என்று கேளுங்கள். 4ஆம் மட்டம் முழுமையான கைவினைஞர் தகைமையாகவும், 5ஆம் 6ஆம் மட்டங்கள் டிப்ளோமாவாகவும் கொள்ளப்படுகின்றன. ஏற்கெனவே வேலை செய்பவர்கள் முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்குத் தோற்றி, வகுப்புக்குப் போகாமலே சான்றிதழ் பெற வழி உண்டு. இதை அறியாமல் எட்டு ஆண்டு அனுபவத்துடன் சான்றிதழ் இன்றி இருப்பவர்கள் பலர். உயர்தரத்தில் கணிதப் பிரிவில் கற்றவர்களுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் புடவை, ஆடைப் பொறியியல் துறை வேறொரு வாசல்.

படி 2: பற்றன் மேசையில் 72 எப்படி 75.8 ஆகிறது

ஆடை 72 சென்ரிமீற்றர் இருக்க வேண்டும் என்பதற்காக 72 சென்ரிமீற்றரில் பற்றன் வெட்டினால், சலவைக்குப் பின் ஆடை கட்டையாகிவிடும். எனவே பற்றன் வரைபவர் முதலில் துணியின் சுருக்கத்தை அறிய வேண்டும். துணியில் 50 சென்ரிமீற்றர் நீளமும் 50 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஒரு சதுரத்தை அழியாத பேனாவால் குறித்து, ஆடைக்குச் செய்யப்போகும் அதே சலவையைச் செய்து, அதே முறையில் உலர்த்தி, மீண்டும் அளக்கிறார்கள். எங்கள் துணியில் நீளவாக்கில் 50 என்பது 47.5 ஆகியிருந்தது, அதாவது 5 சதவீதச் சுருக்கம். அகலவாக்கில் சுருக்கம் வேறாக இருக்கும் என்பதால் அதைத் தனியாகவே கணக்கிட வேண்டும்.

இந்த இடத்தில் புதியவர்கள் ஒரு பிழை விடுகிறார்கள். 72உடன் அதன் 5 சதவீதத்தைக் கூட்டி 75.6 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் துணி சுருங்குவது வெட்டிய நீளத்திலிருந்தே தவிர, முடிந்த நீளத்திலிருந்து அல்ல. ஆகவே கூட்டாமல் வகுக்க வேண்டும்:

```
வெட்டும் நீளம் = முடிந்த நீளம் ÷ (1 − சுருக்கம்)
72 ÷ 0.95 = 75.8
```

5 சதவீதத்தில் இரண்டு விடைகளுக்கும் இடையே 2 மில்லிமீற்றரே வேறுபாடு என்பதால் பிழை மறைந்துபோகும். சுருக்கம் 10 சதவீதமாக இருந்தால் கூட்டும் முறையில் 79.2 வரும், அது சலவையில் 71.3 ஆகச் சுருங்கும். அனுமதிக்கப்பட்ட 10 மில்லிமீற்றரில் 7 மில்லிமீற்றரைப் பற்றனே தின்றுவிட்டால், தையலில் வரும் சிறு தவறுக்கு இடமிருக்காது. மடிப்புக்கும் தையலுக்கும் விடும் துணியை இந்தக் கணக்குக்குப் பின்னர் தனியாகச் சேர்க்க வேண்டும்.

பின்னர் மற்ற அளவுகளுக்குப் பற்றன் விரிக்கப்படும். எம் அளவுக்கு முடிந்த நீளம் 70 என்றால், எல் அளவின் 75.8இலிருந்து 2 சென்ரிமீற்றரைக் கழிக்காமல் 70ஐயே 0.95ஆல் வகுத்து 73.7 பெற வேண்டும். இன்று இந்த வேலையைக் கணினி மென்பொருள் செய்கிறது. ஆனால் சுருக்கத்தின் எண்ணை அதற்குள் இடுபவர் மனிதர்தான். பற்றன் துறைக்குப் போக விரும்புபவர் தாளில் அடிக்கோலும் வளைகோலும் கொண்டு ஒரு ரீசேட்டையும் ஒரு சேட்டையும் முழுமையாக வரைந்து, வெட்டி, தைத்துப் பார்த்திருக்க வேண்டும். சுன்னாகத்திலோ சாவகச்சேரியிலோ நல்ல தையற்காரர் ஒருவரிடம் ஆறு மாதம் வெட்டப் பழகியவர், மென்பொருளை மட்டும் கற்றவரைவிட விரைவாக முன்னேறுவார் என்பது என் உறுதியான எண்ணம். உடலின் வளைவு தாளில் எப்படிக் கோடாகிறது என்பதை அவர் கை ஏற்கெனவே அறிந்திருக்கும்.

படி 3: பரிசோதனை மேசையும், தோற்ற ஓடரும்

தர பரிசோதகரின் வேலை மூன்று இடங்களில் நடக்கிறது: துணி வந்திறங்கும் களஞ்சியத்தில், தையல் லைனின் நடுவிலும் முடிவிலும், பொதியிட்ட பின் இறுதியாக. இறுதிப் பரிசோதனையில் 2400 ஆடைகளையும் பார்ப்பதில்லை. பெரும்பாலான கொள்வனவாளர்கள் பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 2859-1 அட்டவணைப்படி, 1201 முதல் 3200 வரையான தொகுதிக்குப் பொதுப் பரிசோதனையின் இரண்டாம் மட்டத்தில் 125 ஆடைகள் எடுக்கப்படும். ஏற்கத்தக்க தர எல்லை 2.5 என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அந்த 125இல் 7 பெரிய குறைகள் வரை தொகுதி தேறும். 8 என்றால் முழுத் தொகுதியும் தோற்கும்.

125ஐ எப்படி எடுக்கிறோம் என்பதில்தான் பரிசோதகரின் நேர்மை இருக்கிறது. எளிதில் கைக்கு எட்டும் மேல் பெட்டிகளிலிருந்து மட்டும் எடுத்தால் அட்டவணையின் கணக்குப் பொருளற்றதாகிவிடும். பெட்டிகளைத் தாமாகத் தெரிவு செய்து, அடுக்கின் அடியிலிருந்தும் நடுவிலிருந்தும், எல்லா அளவுகளிலிருந்தும் எடுக்க வேண்டும்.

எங்கள் ஓடரில் 125 ஆடைகளைக் கண்ணால் பார்த்தபோது 4 பெரிய குறைகளே இருந்தன: இரண்டு தையல் விடுபட்டவை, ஒன்று எண்ணெய்க் கறை, ஒன்று கழுத்துப் பட்டி முறுக்கியது. அந்த வகையில் ஓடர் தேறியது. அளவு பார்ப்பதற்கு எஸ், எம், எல், எக்ஸ்.எல். ஆகிய நான்கிலும் ஐந்தைந்தாக 20 ஆடைகளை எடுத்தோம். எல் அளவில் ஒன்று 69.7 இருந்தது. எக்ஸ்.எல். அளவில் ஒன்று ஏறத்தாழ அதே அளவு கட்டையாக இருந்தது. மற்ற 18உம் சரியாக இருந்தன.

18 சரி, 2 பிழை என்பதால் தையற்காரியின் கைத்தவறு என்று முடிவு கட்ட எவருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கட்டிங் பிரிவில் இருந்த மூத்த அண்ணர் ஒருவர் ஆடையைத் திருப்பி உள்ளே ஒட்டியிருந்த கட்டு இலக்கத்தைக் காட்டி, "தங்கச்சி, கையைக் குற்றம் சொல்ல முன்னம் துணி எந்த உருளையில வந்ததெண்டு பாருங்கோ" என்றார். இரண்டு ஆடைகளும் ஒரே சாயத் தொகுதியிலிருந்து வந்திருந்தன. கைத்தவறு என்றால் நீளம் ஆளுக்கு ஆள், ஆடைக்கு ஆடை மாறும். துணியின் சுருக்கம் என்றால் ஒரே தொகுதியின் ஆடைகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு கட்டையாகும். இந்த வேறுபாட்டைக் காணத் தெரிந்தவரே பரிசோதகர்.

களஞ்சியத்தில் மீதமிருந்த துணியில் 50 சென்ரிமீற்றர்ச் சதுரம் குறித்துச் சலவை செய்தோம். 46 ஆகியிருந்தது, 8 சதவீதச் சுருக்கம். 75.8இல் 8 சதவீதம் போனால் 69.7. நாடா காட்டிய எண் அப்படியே வந்தது. துணி இரண்டு சாயத் தொகுதிகளாக வந்திருந்தபோதும், முதலாவது தொகுதியில் மட்டுமே சுருக்கச் சோதனை செய்யப்பட்டிருந்தது. இரண்டாவது சிறிய தொகுதியிலிருந்து வெட்டப்பட்டவை 240 ஆடைகள். கட்டு இலக்கங்களைக் கொண்டு அவற்றைப் பிரித்து ஒவ்வொன்றாக அளந்தோம். சோதனை முன்னரே நடந்திருந்தால், அந்தத் தொகுதிக்கு மட்டும் 72ஐ 0.92ஆல் வகுத்து 78.3இல் தனிப் பற்றன் போட்டு, பற்றன் துண்டுகளைத் துணியில் அடுக்கிக் காட்டும் மார்க்கரையும் தனியாக விரித்து, தனிக் கட்டு இலக்கத்துடன் அனுப்பியிருக்கலாம். அரை நாள் வேலை அது.

திருத்த முடியுமா என்று எல்லோரும் கேட்டார்கள். கீழ் மடிப்பில் 2 சென்ரிமீற்றரே இருந்தது. அதை முழுவதும் அவிழ்த்தாலும் 2.3 சென்ரிமீற்றர்க் குறை தீராது, மடிக்கவும் துணி இராது. எல் அளவை எம் என்று பெயர் மாற்றினால் நீளம் ஏறக்குறையப் பொருந்தும், ஆனால் மார்பும் தோளும் பொருந்தா.

படி 4: மேர்ச்சன்டைசர் என்ன எழுதுகிறார்

இதற்குப் பின் ஓடரின் கோவை மேர்ச்சன்டைசரிடம் போகிறது. கொள்வனவாளருக்கும் தொழிற்சாலைக்கும் நடுவில் நின்று விலை, துணி, மாதிரிகள், நாட்கள் ஆகியவற்றைக் கணக்கில் வைத்திருப்பவர் அவர். இந்த வேலைகள் பெரும்பாலும் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் சார்ந்த அலுவலகங்களில் இருக்கின்றன; கடிதங்கள் ஆங்கிலத்தில் நடக்கும்; தொழிற்சாலைத் தளத்துடன் பேசச் சிங்களமும் வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து போகும் பிள்ளைகள் இவ்விரண்டையும் முன்கூட்டியே பழகிக்கொள்வது நல்லது.

நல்ல மேர்ச்சன்டைசரின் கடிதம் மன்னிப்பில் தொடங்குவதில்லை. எத்தனை ஆடைகள், எந்த அளவுகள், எவ்வளவு குறை, காரணம் என்ன, மீதி 2160 ஆடைகள் சரி என்பதற்கு என்ன ஆதாரம் என்பவற்றை முதலில் எழுதுகிறார். அதன் பிறகே தெரிவுகளை முன்வைக்கிறார். ஒப்பந்தத்தில் எண்ணிக்கை 5 சதவீதம் குறையலாம் என்று இருந்தது. 240 என்பது 10 சதவீதம் என்பதால் குறைத்து அனுப்பிவிட்டு ஒதுங்க முடியவில்லை. எனவே 2160ஐக் குறித்த நாளில் கப்பலில் அனுப்பி, 240ஐ மீண்டும் வெட்டிப் பின்னர் விமானத்தில் அனுப்புவதாக எழுத வேண்டியிருந்தது.

அதற்கு எவ்வளவு துணி வேண்டும்? பின்னல் ரீசேட்டுக்கு உடல் நீளம், கை நீளம், தையல் விடுகை ஆகியவற்றைக் கூட்டி, அதை அரை மார்பளவும் விடுகையும் சேர்ந்த எண்ணால் பெருக்கி, முன்னும் பின்னும் என்பதால் இரண்டால் பெருக்கி, துணியின் நிறையால் பெருக்குவார்கள். எல் அளவில் 76, 22, 8 சேர்ந்து 106. மார்பில் 54, 4 சேர்ந்து 58.

```
106 × 58 × 2 × 180 ÷ 10000000 = 0.221 கிலோகிராம்
```

வெட்டில் வீணாவதற்கு 10 சதவீதம் சேர்த்தால் ஓர் ஆடைக்கு 0.243 கிலோகிராம், 240 ஆடைகளுக்கு ஏறத்தாழ 58 கிலோகிராம். விலைக் கணிப்பின் அடிப்படையும் இதே கணக்குத்தான் என்பதால், மேர்ச்சன்டைசிங் நேர்முகத் தேர்வுக்குப் போகுமுன் உங்களிடம் உள்ள ரீசேட்டுகளுக்கு இதைப் போட்டுப் பழகுங்கள்.

அடுத்தது அனுப்பும் செலவு. ஒரு பெட்டியில் 40 ஆடைகள், ஆகவே 240க்கு 6 பெட்டிகள். பெட்டியின் அளவு 60, 40, 35 சென்ரிமீற்றர். தராசில் ஒரு பெட்டி 10 கிலோகிராமுக்கு உட்பட்டதாக இருந்தாலும், விமான நிறுவனம் கன அளவை 6000ஆல் வகுத்து 14 கிலோகிராமாகக் கணக்கிடும். இரண்டில் கூடியதற்கே கட்டணம். ஆறு பெட்டிகளுக்கு 84 கிலோகிராம் கட்டணம் வரும் என்பதை அறியாமல், 60 என்று நினைத்து வாக்குக் கொடுத்தால் நட்டம் தொழிற்சாலைக்கு.

படி 5: ஏற்றுமதி மேசை துணியைப் பற்றி ஏன் கேட்கிறது

கொழும்பில் ஒரு கடையில் அதே நிறையும் அதே நிறமும் கொண்ட துணி உடனே கிடைப்பதாகச் செய்தி வந்தது; சீனாவில் பின்னப்பட்டது. உள்ளூர் ஆலையில் மீண்டும் பின்னிச் சாயமிட்டு வர 12 நாட்கள் என்றார்கள். மேர்ச்சன்டைசர் கடைத் துணியை வாங்க முடிவு செய்திருந்தார். ஏற்றுமதி ஆவணங்களைப் பார்த்த அக்காதான் அதைத் தடுத்தார்.

பருத்திப் பின்னல் ரீசேட் சுங்கத்தில் 6109.10 என்ற தலைப்பில் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும்போது அதற்கான வழமையான தீர்வை 12 சதவீதம். 2017 மே மாதம் இலங்கைக்கு மீண்டும் கிடைத்த ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையின் கீழ் அது இல்லாமற் போகும். ஆனால் சலுகை பெற, நூலைத் துணியாகப் பின்னுவதும் ஆடையாகத் தைப்பதும் ஆகிய இரண்டும் இங்கே நடந்திருக்க வேண்டும் என்பது அடிப்படை விதி. அயல் நாடுகள் சிலவற்றின் துணிக்கு உள்ள தனி ஏற்பாடு சீனத் துணிக்குப் பொருந்தாது. தைத்தது யாழ்ப்பாணத்திலா கிளிநொச்சியிலா என்பது இங்கே ஒரு பொருட்டே அல்ல. 6000 யூரோவுக்கு மேற்பட்ட அனுப்புகைகளுக்கு, பதிவு செய்யப்பட்ட ஏற்றுமதியாளர் பொருளின் பூர்வீகம் பற்றித் தாமே கூற்று எழுதுகிறார். அந்தக் கூற்றுக்கு ஆதாரமாகத் துணி ஆலையின் பற்றுச்சீட்டும் பின்னிய இடத்தின் ஆவணமும் கோவையில் இருக்க வேண்டும். பொய்க் கூற்று பின்னர் பிடிபட்டால் கொள்வனவாளரிடம் தீர்வை திரும்ப அறவிடப்படும். அடுத்த ஓடர் வராது.

இந்த மேசைக்குப் போக விரும்புபவர், வணிகப் பட்டியல், பொதிப் பட்டியல், கப்பல் ஏற்றுச் சீட்டு, சுங்கப் பிரகடனம் ஆகிய நான்கிலும் எண்ணிக்கை, பெட்டித் தொகை, நிறை ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று பார்க்கும் கண்ணை வளர்க்க வேண்டும். எங்கள் ஓடரில் பொதிப் பட்டியல் 54 பெட்டிகளாகத் திருத்தப்பட்டது. வணிகப் பட்டியலில் பழைய 2400 அப்படியே இருந்தது. பொதிகள் ஏ9 வீதியால் கொழும்புத் துறைமுகத்துக்குப் புறப்பட ஒரு மணித்தியாலம் இருந்தபோது அக்கா அதைக் கண்டார். அந்த எண் மாறாமல் போயிருந்தால், 54 பெட்டிகளில் 2400 ஆடைகள் எப்படி அடங்கின என்ற கேள்வியுடன் சரக்குத் துறைமுகத்திலேயே நின்றிருக்கும்.

உள்ளூர் ஆலையின் துணி பதின்மூன்றாம் நாள் வந்தது. களஞ்சியத்தில் இறக்கியவுடன் 50 சென்ரிமீற்றர்ச் சதுரம் குறித்துச் சலவை செய்தோம். 47 வந்தது, 6 சதவீதம். பற்றன் மேசையில் எல் அளவுக்கு 72ஐ 0.94ஆல் வகுத்து 76.6 என்று எழுதினார்கள். சலவையிலிருந்து வந்த முதல் 20 ஆடைகளை நானே அளந்தேன்; எல் அளவில் மிகக் கட்டையானது 71.6, மிக நீளமானது 72.3. ஆறு பெட்டிகளும் அன்று மாலையே ஒட்டப்பட்டன.